வாசம் மாறி வந்த தங்கை

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் பூனைகள். ஒன்றின் வயிற்றில் மற்றது தலைவைத்துத் தூங்கிப் பழகியவை. ஒரு நாள் அவற்றில் ஒன்றை மட்டும் கருத்தடை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும், வீட்டிலேயே இருந்த அக்கா ஓடி வந்து முகர்ந்து பார்க்கிறது. மறுநொடி காதுகள் பின்னால் படிகின்றன, வாய் அகலத் திறக்கிறது, 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். மயக்கம் தெளியாத தங்கை தள்ளாடி ஓரடி முன்னே வைத்தால், மூக்கின் மேல் பளாரென்று ஓர் அறை விழுகிறது.

பூனை மருத்துவர்களுக்கு இது அன்றாடம் காதில் விழும் கதை. "காலையிலகூட ஒண்ணாத்தானே டாக்டர் சாப்பிட்டுச்சுங்க!" என்று வளர்ப்பவர் போனில் புலம்புவார். காலையில் போன பூனையும் மாலையில் வந்த பூனையும் வளர்ப்பவரின் கண்ணுக்கு ஒன்றுதான். அக்காவின் மூக்குக்கு அப்படியில்லை. கிருமிநாசினி, ஸ்பிரிட், மயக்க மருந்து, பக்கத்துக் கூண்டில் இருந்த நாய், எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கையின் உடம்பிலிருந்தே கிளம்பிய பயத்தின் வாடை. தங்கையின் உருவத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள். இரண்டொரு நாளில் தங்கை தன்னை நக்கிச் சுத்தம் செய்து, வழக்கமான படுக்கையில் உருண்டு, பழைய வாசத்துக்குத் திரும்பியதும் பெரும்பாலும் சண்டை ஓய்ந்துவிடும்.

கூடப் பிறந்ததற்கே இந்த வரவேற்பு என்றால், தெருவில் மழையில் நனைந்து கிடந்ததென்று தூக்கிவந்த குட்டிக்கு என்ன கிடைக்கும்?

"பொறாமை பிடிச்சுப் போச்சு அதுக்கு" என்பார்கள் வீட்டில். இதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்பதால்தான் பலருக்கும் இந்த விளக்கம் பிடிக்கிறது. நடப்பதைப் புரிந்துகொள்ளப் பொறாமை தேவையே இல்லை. பூனையின் கன்னம், முகவாய், நெற்றி, வால் அடி, பாதத்தின் மெத்தைப் பகுதி ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலையிலும் சோபா முனையிலும் நம் கணுக்காலிலும் அது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போவது கொஞ்சல் மட்டும் இல்லை. 'இது நம்முடையது' என்று வாசத்தால் எழுதிவைக்கிறது. சேர்ந்து வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசி, நக்கி, எல்லோருக்கும் பொதுவான ஒரு கூட்டு வாசத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த வாசம் வீசினால் வீட்டு ஆள், வீசாவிட்டால் வெளியாள். புதிய பூனை உள்ளே வரும்போது, மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து எழுதிய அந்த வீட்டின் நடுவில் அறிமுகமே இல்லாத ஒரு கையெழுத்து திடீரென முளைக்கிறது.

வெளியாள் என்றால் ஏன் இவ்வளவு பதற்றம்? அதற்குப் பூனையின் மூதாதையைப் பார்க்க வேண்டும். உலகின் வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியா, வட ஆப்பிரிக்கப் பகுதிகளின் காட்டுப்பூனையிலிருந்து வந்தவை என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதருக்கு அருகிலேயே பூனையொன்றைப் புதைத்த, சுமார் 9,500 ஆண்டுப் பழைய குழி கிடைத்திருக்கிறது. அத்தனை காலம் மனிதனோடு இருந்தும், அந்தக் காட்டு மூதாதையின் பிழைப்பு முறை பூனையை விட்டுப் போகவில்லை. அது தனியாக வேட்டையாடும் விலங்கு. ஓநாய்க் கூட்டம் ஒரு மானை வீழ்த்திப் பகிர்ந்து தின்னலாம். ஒரு எலியை யாரோடு பகிர்வது? அது ஒரு பூனையின் சிறு உணவுக்குத்தான் சரியாக இருக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு வேட்டை நிலம் தேவைப்பட்டது. அதில் நுழையும் இன்னொரு பூனை, சாப்பாட்டில் கைவைக்க வந்த ஆள்.

மீன் சந்தையில் பத்துப் பதினைந்து பூனைகள் ஒன்றாகத் திரிகின்றனவே என்று கேட்கலாம். இரை ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் பூனைகள் கூட்டமாக வாழும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட கூட்டங்களின் மையத்தில் இருப்பவை பெரும்பாலும் தாயும் மகளும் சகோதரிகளும். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பாலூட்டும் அளவுக்கு நெருக்கமானவை. வெளியிலிருந்து வரும் பூனையை அவையும் விரட்டித்தான் அடிக்கும். விடாமல் ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால், பல சந்திப்புகளுக்குப் பிறகு மெல்லச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. நாம் செய்வதோ வேறு. ஒரே நாளில், ஒரே கூடத்தில், ஓடி ஒளிய இடமில்லாமல் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறோம்.

இனி சீறலுக்கு வருவோம். அதைத் தாக்குதலின் தொடக்கமாகத்தான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சீறுவது பயந்த பூனை. 'கிட்டே வராதே, வந்தால் அடிப்பேன்' என்பதே அதன் பொருள். வராமல் போனால் அதற்கு நிம்மதி. கண் திறக்காத குட்டிகூட அந்நிய வாசம் பட்டால் சீறும், யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. தனியாக வேட்டையாடும் விலங்குக்கு ஒரு காயம் என்பது பட்டினி. பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். அதனால் சண்டையைத் தவிர்க்கும் வழிகளெல்லாம் பூனையின் உடம்பிலேயே வந்து சேர்ந்திருக்கின்றன. சீறல் அவற்றில் முதன்மையானது.

முன்காலால் அறைவது அதற்கு அடுத்த படி. எதிரியைத் தன் கை நீளத்துக்கு அப்பால் நிறுத்திவைக்கும் முயற்சி அது. நகம் உள்ளே இருக்கிறதா வெளியே வந்திருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். நகத்தை இழுத்துக்கொண்டு, பஞ்சு மூட்டையால் அடித்தாற்போலத் தட்டுவது எச்சரிக்கை. நகம் நீட்டிய அடியில் மயிர் பறக்கும், மூக்கில் ரத்தக் கோடு விழும்.

டார்வின் 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி எழுதிய நூலில், முதுகை வில்லாக வளைத்து மயிர் சிலிர்த்து நிற்கும் பூனையின் படம் இருக்கிறது. பின்னாளில் ஜெர்மன் ஆய்வாளர் பால் லைஹவுசன் அந்த நிலையைப் பிரித்து விளக்கினார். பயமும் கோபமும் ஒரே நேரத்தில் பூனையை இழுக்கின்றன. பின்கால்கள் முன்னே வரப் பார்க்க, முன்கால்கள் பின்வாங்கப் பார்க்க, நடுவில் முதுகு மேலே எழும்புகிறது. சத்தமும் சிலிர்ப்புமாக நிற்கும் பூனையைப் பார்த்து நாம் நடுங்குகிறோம். கவலைப்பட வேண்டியது சத்தமே போடாத பூனையைப் பார்த்துத்தான். கண் இமைக்காத பார்வை, விறைத்த பின்னங்கால்கள், தாழ்ந்து மெல்ல ஆடும் வால்நுனி. மணல் தட்டுக்குப் போகும் வழியில் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். மற்றது அந்தப் பக்கமே வராது. 'ரெண்டும் அமைதியா இருக்கு' என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு வாரம் கழித்துக் கட்டிலுக்கடியில் மூத்திர நாற்றம் அடிக்கும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்திலிருந்து பூனை எடுத்துப்போனவர்களை விசாரித்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதுப் பூனை வந்த தொடக்கத்தில் ஏறக்குறையப் பாதி வீடுகளில் பிறாண்டல், கடி என்று சண்டை நடந்திருக்கிறது. கவனிக்க வேண்டிய செய்தி அடுத்ததுதான். முதல் சந்திப்பு மோசமாக முடிந்த வீடுகளில், மாதங்கள் கழித்தும் சண்டை நீடிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மூக்கோடு மூக்கு வைத்து 'ஃபிரண்ட்ஸ் ஆகிக்கோங்க' என்று இரண்டையும் கையில் பிடித்து நீட்டும் நல்ல மனிதர்கள், இந்த முதல் சந்திப்பைத்தான் கெடுக்கிறார்கள். தப்ப முடியாத பூனை பிடித்திருக்கும் கையையே கடிக்கும். நம் ஊரில் அது சின்ன விஷயமில்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபீஸ் ஊசிக்கு அன்றே ஓட வேண்டும்.

வேறு வழி என்ன? இரண்டு படுக்கையறை வீடு, 3 வயதுப் பெண் பூனை, தெருவில் கிடைத்த 3 மாதக் குட்டி என்று வைத்துக்கொள்வோம். குட்டி நேராக ஓர் அறைக்குள் போகிறது. தனி மணல் தட்டு, தனிக் கிண்ணம், மூடிய கதவு. இரண்டு வாரமாவது அப்படி இருப்பது நல்லது. பான்லுக்கோபீனியா போன்ற தொற்று இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த நாட்களிலேயே வேலை தொடங்குகிறது. பழைய சாக்ஸ் ஒன்றைக் குட்டியின் கன்னத்தில் தடவி, பெரியதன் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குச் சற்றுத் தள்ளி வைக்கிறார்கள். பெரியது சாக்ஸைப் பார்த்தே சீறும். சிரிக்கலாம், ஆனால் திட்டக் கூடாது. சாக்ஸை இன்னும் தள்ளி வைத்துவிட்டு, மறுநாள் ஒரு சாண் நெருக்கினால் போதும்.

சாக்ஸை அது பொருட்படுத்தாமல் சாப்பிடத் தொடங்கியதும், கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கிண்ணம், அந்தப் பக்கம் ஒரு கிண்ணம். முதலில் ஆறடி தூரம். நிதானமாகத் தின்றால் நாளுக்கு நாள் நெருக்கம். அந்த வாசம் வந்தால் மீன் வரும் என்று மூக்கு கணக்குப் போட்டுக்கொள்கிறது. பிறகு கொசுவலைக் கதவு வழியாகப் பார்வை. கடைசியில்தான் நேர்ச் சந்திப்பு. நூலில் கட்டிய இறகை ஆட்டிக்கொண்டே ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் சில வீட்டில் பத்து நாள், சில வீட்டில் மூன்று மாதம் ஆகும். எல்லாம் சரியாக நடந்த வீட்டிலும் அறை விழும். பெரியது தூங்கும்போது குட்டி அதன் வால்மேல் பாயும், நகமில்லாத ஓர் அறை வாங்கிக்கொண்டு உருண்டுபோகும், மறுபடி வரும். அதில் தலையிட வேண்டியதில்லை. தலையிட வேண்டிய கட்டம் வேறு. ஒரு பூனை நாள் முழுக்க அலமாரிக்கு மேலேயே இருந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டாலோ, மறுபடி தனி அறைக்குத் திரும்பி, மருத்துவரையும் பார்க்க வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும். ஆணுக்கு அடைப்பு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

கடைசிவரை ஒன்றையொன்று நக்காத ஜோடிகளும் உண்டு. ஜன்னல் விளிம்பு காலையில் ஒன்றுக்கு, மாலையில் மற்றதற்கு. ஒரே பாதையைப் பூனைகள் இப்படி நேரம் பிரித்துப் பயன்படுத்துவதை லைஹவுசனும் கவனித்திருக்கிறார். மணல் தட்டு மட்டும் இரண்டு பூனைக்கு மூன்று இருந்தால், அதுவும் வெவ்வேறு மூலைகளில் இருந்தால், அந்த வீட்டில் பெரிய சண்டைக்கு வேலை குறைவு.

தொடக்கத்தில் பார்த்த சகோதரிகளுக்கு இத்தனை ஏற்பாடு தேவைப்படவில்லை. தங்கையை ஓர் இரவு தனி அறையில், அது எப்போதும் படுக்கும் துணியோடு விட்டார்கள். மறுநாள் அந்தத் துணியால் இரண்டையும் மாறிமாறித் துடைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் அக்காவுக்கு அறுவை சிகிச்சை நாள் வந்தபோது, சும்மா இருந்த தங்கையையும் சேர்த்தே மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். மாலையில் இரண்டும் ஒரே ஸ்பிரிட் வாடையோடு வீடு திரும்பின.