லிஃப்ட் கூரையிலிருந்து கழன்ற போல்ட்

மேலே கிளம்பிய லிஃப்டின் கூரையிலிருந்து ஒரு போல்ட் கழன்று விழுகிறது. தரையைத் தொட அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இயற்பியலில் கொஞ்சம் அடிபட்டவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். ரஷ்யப் பேராசிரியர் இரோதவ் எழுதி, மாஸ்கோவின் மீர் பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்த கணக்குப் புத்தகத்தின் தொடக்கப் பக்கங்களிலேயே இது வந்துவிடும். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். கணக்கு நான்கே வரிதான். ஆனால் விடையைப் போட்டு முடித்த பிள்ளைகளில் பாதிப் பேராவது அந்த போல்ட் உண்மையில் எந்தப் பக்கம் போனது என்று யோசித்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

புத்தகத்தில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்வோம். லிஃப்டுக்குள் தரையிலிருந்து கூரை வரை 2.7 மீட்டர் உயரம். நின்றுகொண்டிருந்த லிஃப்ட் 1.2 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்புகிறது. ஒவ்வொரு வினாடியும் அதன் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகிறது என்று பொருள். 2 வினாடி கழித்து போல்ட் கழல்கிறது. அப்போது லிஃப்டின் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர். சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் இவ்வளவு வேகம் எடுக்காது. இது ஏதோ உயரமான அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

லிஃப்ட் ஓடும் சுரங்கச் சுவரில் அடியிலிருந்து உச்சி வரை மீட்டர் அளவு வரைந்திருக்கிறது, லிஃப்டின் பக்கச் சுவர்கள் கண்ணாடி, வெளியே அசையாமல் நின்று ஒருவர் பார்க்கிறார் என்று கற்பனை செய்துகொள்வோம். லிஃப்டின் தரை கிளம்பிய இடம் பூஜ்யம். 2 வினாடியில் அது 2.4 மீட்டர் ஏறியிருக்கும். எனவே போல்ட் கழலும் நொடியில் தரை 2.4 மீட்டர் கோட்டில் இருக்கிறது. கூரையும் அதில் இருந்த போல்ட்டும் 5.1 மீட்டர் கோட்டில்.

கழன்றதும் போல்ட் கீழே வராது. மேலே போகும்.

அதுவரை லிஃப்டோடு சேர்ந்து வினாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்த போல்ட் அது. மரை விட்டுப்போனதால் அந்த வேகம் எங்கும் போய்விடாது. ஓடும் ரயிலில் உட்கார்ந்தபடி காசைச் சுண்டிப் போட்டால் அது பின் இருக்கைக்குப் போகாமல் நம் கைக்கே வருகிறதே, அந்தக் கதைதான். போல்ட் இழந்தது வேகத்தை அல்ல, முடுக்கத்தை. இதுவரை கூரை அதைப் பிடித்து மேலும் மேலும் வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. இனி அந்த இழுப்பு இல்லை. பூமியின் ஈர்ப்பு மட்டும்தான். ஈர்ப்பு அதன் வேகத்தை வினாடிக்கு 9.8 மீட்டர் வீதம் குறைக்கிறது.

ஆகவே, மேலே எறிந்த கல்லைப் போலவே போல்ட் இன்னும் 29 சென்டிமீட்டர் ஏறுகிறது. கழன்று கால் வினாடி ஆகும்போது 5.39 மீட்டர் கோட்டை எட்டி, கணநேரம் நின்று, திரும்புகிறது. ஆனால் அதற்குள் லிஃப்டின் தரை 3.02 மீட்டருக்கு வந்துவிட்டது. போல்ட் இன்னும் கீழே இறங்கத் தொடங்கவே இல்லை, ஆனாலும் 2.7 மீட்டர் இடைவெளி 2.37 ஆகச் சுருங்கிவிட்டது. கழன்று ஏறக்குறைய அரை வினாடியில் போல்ட் தான் புறப்பட்ட 5.1 மீட்டர் கோட்டுக்கே திரும்பி வருகிறது. தரை அப்போது 3.72 மீட்டரில் இருக்கிறது. இடைவெளி பாதியாகிவிட்டது, சுவரின் கணக்கில் போல்ட் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை! மிச்ச வேலை சட்டென்று முடிகிறது. 0.70 வினாடியில் இரண்டும் 4.38 மீட்டர் கோட்டில் மோதுகின்றன.

2.7 மீட்டர் இடைவெளியில் போல்ட் இறங்கி வந்தது 72 சென்டிமீட்டர்தான். மீதி 1.98 மீட்டரையும் தரை ஏறி வந்து அடைத்திருக்கிறது. போல்ட் தரையில் விழுந்தது என்பதைவிட, தரை வந்து போல்ட்டை அடித்தது என்று சொன்னால் உண்மைக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்.

இந்த 0.70 எப்படி வந்தது? போல்ட்டும் தரையும் ஆரம்பத்தில் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போகின்றன. எனவே அந்த 2.4 இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. இடைவெளியைச் சுருக்குபவை இரண்டு: போல்ட்டைக் கீழே திருப்பும் 9.8, தரையை மேலே தள்ளும் 1.2. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஒன்றை நோக்கி ஒன்று வேலை செய்வதால் கூட்ட வேண்டும். 11.0 கிடைக்கிறது.

```
2.7 = ½ × (9.8 + 1.2) × t²
t² = 5.4 / 11.0 = 0.491
t  = 0.70 வினாடி
```

லிஃப்ட் கிளம்பி எத்தனை வினாடி கழித்து போல்ட் கழன்றது என்பது இதில் எங்கும் இல்லை பாருங்கள். 2 வினாடி என்று கேள்வியில் கொடுத்திருப்பது நேரத்தைக் கண்டுபிடிக்க அல்ல. போல்ட் சுவரைப் பொறுத்து எவ்வளவு தூரம் அலைந்தது என்ற அடுத்த கேள்விக்குத்தான் அது தேவை. 29 சென்டிமீட்டர் ஏறி, அதே 29 இறங்கி, மேலும் 72 இறங்கியது, மொத்தம் 1.31 மீட்டர் பயணம். 2 வினாடிக்குப் பதில் 3 வினாடி என்றிருந்தால் போல்ட் இன்னும் உயரமாக எழும்பியிருக்கும், தூரமெல்லாம் மாறியிருக்கும். விழும் நேரம் மட்டும் அதே 0.70தான்.

மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். கழன்ற போல்ட்டின் வேகம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, தரை மட்டும் 2.4 வேகத்தில் வருவதாகக் கணக்கிட்டால் 0.52 வினாடி வரும். லிஃப்ட் மேலே போகிறதே என்று 9.8-லிருந்து 1.2-ஐக் கழித்தால் 0.79 வரும். இரண்டாவது தவறைப் பிடிக்க எளிய வழி உண்டு. அசையாமல் நிற்கும் லிஃப்டில் இதே 2.7 மீட்டரை போல்ட் 0.74 வினாடியில் கடக்கும். தரை தானே எதிர்கொண்டு வரும்போது அதைவிடச் சீக்கிரமாகத்தானே முடிய வேண்டும்? 0.79 என்று வந்தாலே எங்கோ குறி மாறியிருக்கிறது. முதல் தவறு இப்படிச் சுலபத்தில் அகப்படாது, ஏனென்றால் 0.52 திசையளவில் சரிதான். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: லிஃப்ட் முடுக்கமே இல்லாமல் ஒரே சீரான வேகத்தில் ஏறினால் என்ன ஆகும்? இந்த முறைப்படி அப்போதும் நேரம் 0.74-ஐவிடக் குறையும். ஓடும் ரயிலில் சுண்டிய காசு கைக்குத் திரும்பாது என்று சொல்வதற்கு அது சமம்.

இனி லிஃப்டுக்குள் நிற்பவரிடம் வருவோம். அவருக்கு போல்ட் மேலே எழும்பியதெல்லாம் தெரியாது. கூரையும் அவரும் சேர்ந்தே ஏறுவதால், போல்ட் கூரையை விட்டு நேராகக் கீழே வருவதையே பார்க்கிறார். அவர் பார்வையில் ஒரே வித்தியாசம், அது வழக்கத்தைவிடச் சற்று அவசரமாக, 11.0 மீ/வி² முடுக்கத்தில் வருகிறது. அந்த நேரத்தில் அவர் எடைபார்க்கும் கருவியின் மேல் நின்றிருந்தால், 60 கிலோ ஆள் 67 கிலோ காட்டுவார். லிஃப்ட் கிளம்பும்போது கால்கள் தரையில் அழுந்துவது போல் தோன்றுமே, அதுவும் இதே 11தான். வெளியே நின்றவர் தரை மேலே வந்த கதையைச் சொல்கிறார். உள்ளே நிற்பவர் ஈர்ப்பு சற்றுக் கூடிப்போன கதையைச் சொல்கிறார். இருவர் கடிகாரத்திலும் 0.70.

நிஜ லிஃப்டில் இந்த 11.0 நெடுநேரம் நிலைக்காது. மோட்டார் மெதுவாக இழுக்கத் தொடங்கி, முடுக்கம் உச்சத்துக்குப் போய், குறித்த வேகம் வந்ததும் முடுக்கம் பூஜ்யமாகிறது. கைபேசியில் phyphox என்ற இலவசச் செயலியைப் போட்டு, முடுக்கமானியைத் திறந்து, போனை லிஃப்டின் தரையில் வைத்துப் பார்த்தால் இது கோடாகவே தெரியும். நின்றிருக்கும்போது 9.8. மேலே கிளம்பும்போது ஒரு மேடு. நடுவில், லிஃப்ட் எவ்வளவு வேகமாக ஓடினாலும், மறுபடி 9.8. நிற்கப் போகும்போது ஒரு பள்ளம். நடுவில் போல்ட் கழன்றால் 0.74, அந்தப் பள்ளம் 8.6 வரை இறங்கி, அதில் கழன்றால் 0.79. மாணவர் குறி மாற்றிப் போட்ட விடை இந்த இடத்துக்குப் பொருந்தும், ஆனால் அது வேறு கேள்வி. கயிறு அறுந்து, பாதுகாப்பு பிரேக்கும் பிடிக்காமல் லிஃப்ட் தடையின்றி விழுந்தால் கோடு பூஜ்யத்தில் படுத்துவிடும். கழன்ற போல்ட் கூரையை ஒட்டியே மிதக்கும். விழும் நேரம் என்று ஒன்று கிடையாது.

கைக்கடிகாரத்தை அமுக்கி இதைச் சோதிக்க முடியாது. 0.70-க்கும் 0.74-க்கும் உள்ள இடைவெளி 0.04 வினாடி; நம் விரல் அசையவே அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோமோஷன் வீடியோவில் பிடிபடும். நிற்கும் லிஃப்டில் போல்ட் தரையைத் தொட 178 படங்கள், 1.2 முடுக்கத்தில் மேலே கிளம்பும் லிஃப்டில் 168. பத்துப் படங்கள் தாராளமாக எண்ணக்கூடிய வித்தியாசம். காற்றின் தடை இருக்கிறதே என்றால், இரும்பு போல்ட்டுக்கு இந்த உயரத்தில் அதன் பங்கு மிகச் சிறியது. தவிர, லிஃப்டுக்குள் இருக்கும் காற்றும் லிஃப்டோடுதான் ஏறுகிறது.

ஆனால் அந்த 168 படங்களை மட்டும் ஒருவர் கையில் கொடுத்து, லிஃப்ட் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. மேலே கிளம்பும் லிஃப்டிலும் 168 வரும். வேகமாகக் கீழே இறங்கி வந்து, தரைத்தளத்தில் நிற்பதற்காக அதே 1.2 அளவில் வேகத்தைக் குறைக்கும் லிஃப்டிலும் 168தான் வரும்.