ஒரு மணித்தியாலத்தின் விலை என்ன?

சகோதரிகளே, ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். நீங்கள், கணவர், பிள்ளைகள் இருவர். "ரயிலில் போனால் செலவு குறைவு" என்று மாமி சொல்வார். "இன்டர்சிட்டி பஸ்ஸில் போனால் நேரத்தோடு போய்ச் சேரலாம்" என்பார் தம்பி. "ஒரு வேனைப் பிடித்தால் என்ன?" என்பார் கணவர். மூவர் பேச்சிலும் நியாயம் உண்டு. யார் சொல்வதைக் கேட்பது? இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பால் கொப்பியின் பின்பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

முதலில் நேரம் ஏன் வேறுபடுகிறது என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள். ரயில் பாதை ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கடுகண்ணாவை, ரம்புக்கனை என்று வடக்கே சுற்றிக்கொண்டுதான் கொழும்பு கோட்டைக்குப் போகிறது. தூரம் சுமார் 170 கிலோமீட்டர். அதிலும் மலைச்சரிவில் வண்டி மெதுவாகத்தான் இறங்க முடியும். பஸ் போகும் பாதையோ கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை வழியாக ஏறக்குறைய நேராக இறங்குகிறது. வளைவுகள் அதிகம் என்றாலும் தூரம் கணிசமாகக் குறைவு.

வாசலிலிருந்து வாசலுக்கு

டிக்கெட் விலையை மட்டும் பார்ப்பது பலரும் செய்யும் பிழை. உங்கள் வீட்டு வாசலில் கால் எடுத்து வைத்ததிலிருந்து, போகும் வீட்டு வாசலில் கால் வைக்கும்வரை உள்ள எல்லாச் செலவையும், எல்லா நேரத்தையும் எழுத வேண்டும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், கணக்கு விளங்குவதற்காக மட்டும் இங்கே சில தொகைகளை வைத்துக் கொள்வோம். உங்கள் பயணத்துக்கு அன்றைய விலைகளைப் போட்டுக் கொள்ளுங்கள்.

ரயில்: நால்வருக்கு டிக்கெட் 1,600 ரூபா. ஸ்டேஷனுக்கு முச்சக்கர வண்டி 500. கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு முச்சக்கர வண்டி 1,000. நீண்ட பயணம் என்பதால் சாப்பாடு, தேநீர் 1,400. மொத்தம் 4,500 ரூபா, 8 மணித்தியாலம்.

இன்டர்சிட்டி பஸ்: டிக்கெட் 3,600. இரண்டு பக்கமும் முச்சக்கர வண்டி அதே 1,500. சாப்பாடு 600. மொத்தம் 5,700 ரூபா, 6 மணித்தியாலம்.

வேன்: வாடகை 20,000. வழியில் சிற்றுண்டி 500. மொத்தம் 20,500 ரூபா, நாலரை மணித்தியாலம்.

படிப்படியாகக் கழியுங்கள்

இப்போது ரயிலையும் பஸ்ஸையும் ஒப்பிடுங்கள். பஸ்ஸுக்குக் கூடுதல் செலவு 1,200 ரூபா. மிஞ்சும் நேரம் 2 மணித்தியாலம். ஆக, மிஞ்சிய ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் குடும்பம் கொடுக்கும் விலை 600 ரூபா. தலைக்கு 150.

அடுத்தது வேன். இங்கேதான் கவனம் தேவை. வேனை ரயிலோடு ஒப்பிட்டால், 16,000 ரூபா கூடுதல், மூன்றரை மணித்தியாலம் மிச்சம். மணிக்கு ஏறக்குறைய 4,570 ரூபா என்று வரும். ஆனால் அந்த மூன்றரையில் முதல் இரண்டு மணித்தியாலத்தைப் பஸ்ஸே மணிக்கு 600 ரூபாவுக்குத் தருகிறது. வேன் புதிதாகத் தருவது மீதி ஒன்றரை மணித்தியாலம் மட்டும். அதற்குப் பஸ்ஸை விடக் கூடுதலாகக் கொடுப்பது 14,800 ரூபா. அதாவது மணிக்கு ஏறக்குறைய 9,870 ரூபா! மூன்று வழிகள் இருக்கும்போது ஒவ்வொன்றையும் அதற்கு அடுத்த மலிவான வழியோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது இதனால்தான்.

வேன் எப்போதும் வீண் என்று இதற்குப் பொருளல்ல. பஸ் டிக்கெட் ஆளுக்கு ஆள் கூடும். வேன் வாடகை கூடாது. பக்கத்து வீட்டுக் குடும்பமும் அதே கல்யாணத்துக்கு வந்து வாடகையில் பாதியைக் கொடுத்தால், உங்கள் பங்கு 10,500 ரூபாதான். பஸ்ஸை விடக் கூடுதல் 4,800. அப்போது ஒரு மணித்தியாலத்தின் விலை 3,200 ரூபாவுக்கு இறங்கிவிடும்.

அந்த மணித்தியாலம் எதற்கு?

விலை தெரிந்த பின், அது பெறுமதியா என்று பார்க்க வேண்டும். 2024 ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்குச் சுமார் 169 ரூபா. பஸ்ஸில் தலைக்கு 150 ரூபா என்பது ஏறக்குறைய இதே அளவு. ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரிக்குச் சம்பளம் மணிக்கணக்கில் வருவதில்லை, நாட்கணக்கில் வருகிறது. பகல் 2 மணிக்குப் பதிலாக 12 மணிக்கு வீடு வந்து சேர்ந்தாலும் அன்றைய நாள் போனது போனதுதான். இரவே வந்து சேர்ந்து காலையில் வேலைக்குப் போக முடிந்தால், அந்த இரண்டு மணித்தியாலம் ஒரு முழு நாட்சம்பளத்தைக் காப்பாற்றுகிறது. கடைக்காரருக்கும் கிளினிக்கில் நம்பர் எடுக்கப் போகிறவருக்கும் இப்படித்தான். மிஞ்சும் நேரம் எந்த வேளையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன்.

திரும்பி வரும் பயணத்தைப் பாருங்கள். ரயில் ஹட்டனுக்கு வந்து சேரும்போது உங்கள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது என்றால், முச்சக்கர வண்டிக்கு 2,500 ரூபா கொடுக்க வேண்டி வரலாம். அதை ரயில் செலவில் சேர்த்தால், "மலிவான" ரயில் பஸ்ஸை விட அதிகமாகிவிடும். நேரமும் மிச்சம், பணமும் மிச்சம் என்னும்போது அங்கே வகுத்துப் பார்க்கும் வேலையே இல்லை.

"வீட்டிலிருக்கும் பெண்ணின் நேரத்துக்கு என்ன விலை?" என்று கேட்பவர்களும் உண்டு. வளைவுப் பாதையில் வாந்தியெடுக்கும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் நீங்கள்தான். முழங்கால் வலியுள்ள உம்மம்மாவுக்கு ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிவறையும் உண்டு. அவருக்கு ரயிலின் எட்டு மணித்தியாலம் பஸ்ஸின் ஆறை விட இலகுவாக இருக்கலாம். வேன் என்றால் தொழுகைக்கோ பிள்ளைக்காகவோ நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இவற்றுக்குத் தொகை போட முடியாவிட்டாலும் கொப்பியில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நேர அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள்

பிரிக்கப்படும் நேரம் சரியாக இல்லாவிட்டால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். போன வாரம் அதே வழியில் போய் வந்தவரிடம், "வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள்?" என்று கேளுங்கள். பஸ் நிலையத்தில் காத்திருந்த நேரமும் அதில் வந்துவிடும். பிறகு பஸ் ஒரு மணித்தியாலம் தாமதமானால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன 600 ரூபா அப்போது 1,200 ஆகிவிடும். அந்த விலையிலும் உங்களுக்குச் சம்மதம் என்றால் யோசிக்காமல் டிக்கெட் எடுக்கலாம்.

மழைக்காலத்தில் இன்னும் ஒன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்து சேவைகள் நின்றன. ஆகவே ரயில் ஓடுகிறதா, எதுவரை ஓடுகிறது என்று கேட்ட பிறகே கணக்குப் போடுங்கள். பாதையில் மண்சரிந்தால் பஸ்ஸும் வேனும் ஒரே வரிசையில்தான் நிற்கும். அன்று வேனுக்குக் கொடுத்த கூடுதல் 14,800 ரூபா ஒரு நிமிடத்தைக்கூட வாங்கித் தராது. அடைமழை நாளில் வேன் பேசுவதற்கு முன், பாதை திறந்திருக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்துக் கொள்ளுங்கள்.