‘ஜெர்மனியில் ஃபீஸே இல்லை’ என்கிறார்களே, உண்மையா?

“ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. அட்மிஷன் நூறு சதவீதம் உறுதி.” வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்சிகளின் இணையதளங்களில் இப்படிப்பட்ட வரிகளை அடிக்கடி பார்க்கலாம். முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரியைச் சொல்லும் அதிகாரம் எந்த கன்சல்டன்சிக்கும் கிடையாது.

ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது சரிதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், ஹைடல்பர்க் பல்கலைக்கழகங்கள் இருப்பது அங்கேதான். பவேரியாவில் உள்ள மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. பழைய தகவலைத் திருத்தாமல் விட்ட தளங்களில் இது இருக்காது.

கோவையில் பி.இ. முடித்த ஒருவர் மியூனிக்கில் முதுநிலை படிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் பார்க்க வேண்டியது முகவரி. tum.de என்று முடிந்தால்தான் அது பல்கலைக்கழகத்தின் தளம்; தேடும்போது மேலே வரும் விளம்பரங்கள் வேறு யாருடையதாகவும் இருக்கலாம். அங்கே தான் சேரப்போகும் படிப்பின் பக்கத்தைத் திறந்து, வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் என்ன என்று பார்க்க வேண்டும். முதுநிலைக்கு, படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. 6,000 என்றால் நான்கு செமஸ்டருக்கு 24,000 யூரோ. ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று கணக்கிட்டாலே 24 லட்சம். கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் கிடைக்காது. எனவே அவற்றை நம்பி பட்ஜெட் போட முடியாது.

இனி அட்மிஷன். மியூனிக்கின் பல முதுநிலைப் படிப்புகளுக்குத் தகுதித் தேர்வுமுறை இருக்கிறது. இளநிலையில் என்ன பாடங்கள் படித்தார், எவ்வளவு மதிப்பெண் எடுத்தார், இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறார் என்று பார்த்துப் பல்கலைக்கழகம்தான் முடிவெடுக்கும். இடையில் யாரும் இடம் பிடித்துத் தர முடியாது.

பலர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். விண்ணப்பம் TUMonline என்ற தளத்தில், மாணவர் பெயரில் திறக்கும் கணக்கு வழியாகவே போகிறது. சில ஏஜென்ட்கள் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து அந்தக் கணக்கைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். அப்போது விண்ணப்பம் போனதா, நிராகரிக்கப்பட்டதா, கையில் கிடைத்த கடிதம் அசலா என்று மாணவருக்குத் தெரிய வழியே இல்லை.

கன்சல்டன்சிக்கு முன்பணம் கட்டும் முன், சொன்ன கட்டணம் இருக்கும் பல்கலைக்கழகப் பக்கத்தின் இணைப்பைக் கேளுங்கள். விண்ணப்பக் கணக்கை உங்கள் மின்னஞ்சலிலேயே திறக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மறுத்தாலும் அங்கே பணம் கட்டாதீர்கள்.