நோக்கத்துக்கு முன்னால் வரும் பத்தி

கல்லூரிகளில் மாணவர்கள் எழுதும் செய்முறை அறிக்கைகளில், நொதிச் சோதனையின் முன்னுரை பெரும்பாலும் ‘நொதிகள் உயிர் வினையூக்கிகள்’ என்றுதான் தொடங்குகிறது. பிறகு ஒரு பக்கத்துக்குப் பாடநூல் விளக்கம். கடைசி வரியில் திடீரென்று நோக்கம். அந்தச் சோதனையை ஏன் செய்தார்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள் என்பது மட்டும் தெரியவே தெரியாது.

உமிழ்நீரில் உள்ள அமைலேஸ், வெவ்வேறு அமில காரநிலைகளில் எப்படி வேலை செய்கிறது என்ற சோதனையை எடுத்துக்கொள்ளலாம். இதன் முன்னுரை நேராக அமைலேஸிலேயே தொடங்கலாம். அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைத் துண்டித்து மால்டோஸ் போன்ற சிறு சர்க்கரைகளாக்குகிறது. மாவுச்சத்து இருக்கும்வரை அயோடின் கருநீலமாகும். தீர்ந்ததும் அந்த நிறம் வராது. அதற்கு ஆகும் நேரம்தான் இங்கே அளவுகோல். இவ்வளவு சொன்னால் பின்னணியில் பாதி முடிந்தது.

மீதிப் பாதிதான் முக்கியம்: pH மாறினால் நொதியின் வேகம் ஏன் மாற வேண்டும்? அமைலேஸின் வினைமையத்தில் இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்து இயங்குகின்றன. குளுட்டமிக் அமிலம் தன் ஹைட்ரஜனைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதை மாவுச்சத்துக்குக் கொடுத்துத்தான் பிணைப்பை உடைக்கிறது. அருகிலுள்ள அஸ்பார்டிக் அமிலமோ ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டத்துடன் நிற்க வேண்டும். அமிலம் கூடினால் அஸ்பார்டிக்குக்கும் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும். காரம் கூடினால் குளுட்டமிக்கும் இழந்துவிடும். இரண்டு பக்கமும் வேகம் குறைவது இதனால்தான்.

இந்த விளக்கம் வந்த பிறகு நோக்கம் தானாகவே அமைந்துவிடும்: ‘37 டிகிரி வெப்பநிலையில் pH 5, 6, 6.8, 8, 9 ஆகிய கரைசல்களில், ஒரே அளவு மாவுச்சத்தை அமைலேஸ் சிதைக்கும் நேரத்தை ஒப்பிடுதல்.’ எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எதை மாற்றாமல் வைக்கிறோம் என்ற மூன்றும் இதில் உண்டு. உப்பின் அளவையும் எல்லாக் குழாய்களிலும் ஒன்றாக வைக்க வேண்டும். குளோரைடு அமைலேஸைத் தூண்டும் என்பதால், ஒரு குழாயில் மட்டும் அது கூடிவிட்டால், வேகம் மாறியது pH-ஆலா உப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கருதுகோளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘pH மாறினால் நொதியின் செயல்பாடு மாறும்’ என்று எழுதினால், எந்த முடிவு வந்தாலும் அது சரியாகிவிடும். ‘6.8-இல் கருநீலம் மறையக் குறைந்த நேரமே ஆகும். அதிலிருந்து இரு பக்கமும் விலக விலக நேரம் கூடும். ஏனெனில் வினைமையத்தின் மின்னூட்டம் கெடுகிறது’ என்று எழுதினால்தான் சோதித்துப் பார்க்க முடியும். pH 9-இல் நேரம் குறைந்தால், கருதுகோள் தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

அப்படித் தவறாகிவிட்டாலும், முடிவுக்கு ஏற்ப முன்னுரையைத் திருத்தி எழுதக் கூடாது. எதிர்பார்த்தது ஏன் நடக்கவில்லை என்பதை விவாதப் பகுதியில் எழுதுங்கள்.