டிக்கிக் கதவில் ஒளிந்திருக்கும் பழுது

ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையில் 'NO SIGNAL' என்று வந்தால் பலரும் கேமராவைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஹேட்ச்பேக் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது, டிக்கிக் கதவையும் கூரையையும் இணைக்கும் ரப்பர் குழாயை. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. மேலுறை கிழியாமலே உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிடும்.

கதவை அசைக்கும்போது படம் விட்டுவிட்டு வந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

தனியாக வாங்கிப் பொருத்திய கேமராக்கள் பொதுவாக ரிவர்ஸ் விளக்கிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியரில் மல்டிமீட்டரால் அளக்கலாம். கேமராவைக் கழற்றாமல் அளப்பது முக்கியம்; கழற்றினால் அறுந்துபோகும் நிலையிலுள்ள வயரும் முழு வோல்ட்டேஜைக் காட்டி ஏமாற்றும். விளக்கில் 12 வோல்ட், கேமராவில் 8 என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்தில் வைத்ததும் 12 வந்தால் எர்த் வயர்தான் குற்றவாளி. திரையில் கோடுகள் ஓடுவதற்கும் அது காரணமாகலாம். 8-லேயே நின்றால் பாசிட்டிவ் வயரைப் பார்க்க வேண்டும்.

அறுந்த இடத்தில் டேப் சுற்றுவது சில மாதம்கூடத் தாங்காது. மடங்கும் பகுதி முழுவதற்கும் புது வயர் போட்டு, ஜாயின்டுகளைக் குழாய்க்கு வெளியே சால்டர் செய்ய வேண்டும்.

மங்கல் மட்டும் வேறு விஷயம். லென்ஸைத் துடைத்தும் தெளியாமல் உள்ளே நீர்த்துளி தெரிந்தால், கேமராவையே மாற்ற வேண்டியதுதான்.