ஒட்டுப் போட்ட இடம் மட்டும் ஏன் மெழுகு மாதிரி இருக்கு?

இந்த வார எபிசோடில் பழைய போட்டோக்களைச் சரிசெய்வது பற்றிப் பேசினோம். அதில் ஒரு விஷயத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது கஷ்டம், எழுத்தில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அதுதான் இது.

லண்டனில் இருக்கும் நேயர் ஒருத்தர் அனுப்பிய படம். 1984-இல் எடுத்த அவருடைய அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ, 4×6 அங்குல கலர் பிரிண்ட். நெகட்டிவ் எப்போதோ போய்விட்டது, இந்த ஒரு பிரதிதான் மிச்சம். அப்பாவின் பீமரத சாந்திக்கு இதை 16×24 அளவில் பெரிதாக்கி மண்டபத்தில் வைக்க ஆசை. வலது கீழ் மூலையில் இரண்டரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் பூசணக் கறை. நல்லவேளை, முகத்தில் இல்லை. பின்னாலிருக்கும் திரைச்சீலையிலும் புடவையின் கீழ்ப்பகுதியிலும்தான். 1200 dpi-யில் ஸ்கேன் செய்து, கறையைச் சுற்றித் தேர்வு போட்டு, ஃபோட்டோஷாப்பின் Generative Fill-ஐ ஓட்டியிருக்கிறார். போனில் பார்த்தால் அருமை. ஆனால் சோதனைக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டதும் அந்த மூலை மட்டும் சுவரில் புதுசாகச் சாந்து பூசின மாதிரி தனியாகத் தெரிந்திருக்கிறது.

இங்கே இரண்டு குறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. நிறைய பேர் இரண்டையும் ஒன்றாக நினைத்து நேரே நாய்ஸ் சேர்க்கப் போய்விடுகிறார்கள். அதனால்தான் சரியாக வருவதில்லை.

முதல் குறை ரெசல்யூஷன். 2023-இல் இந்த வசதி வந்தபோது, நீங்கள் எவ்வளவு பெரிய இடத்தைத் தேர்வு செய்தாலும் அது உருவாக்கித் தரும் ஒட்டு பக்கத்துக்கு 1024 பிக்சல் அளவில்தான் இருந்தது. பின்னால் வந்த மாடல்கள் சில பெரியதாகவே தருகின்றன, ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. தேர்வு அதைவிடப் பெரியதாக இருந்தால் ஒட்டை இழுத்துப் பொருத்திவிடும். நம் நேயரின் கறை 1200 dpi-யில் 3000×2400 பிக்சல். 1024-ஐ 3000-க்கு இழுத்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதாவது மாடல் போட்ட ஒரு பிக்சல், படத்தில் எட்டொன்பது பிக்சல் இடத்தில் பரவி நிற்கிறது. மாவைத் தண்ணியாக்கித் தோசையைப் பெரிதாக்கின கதை.

இரண்டாவது குறை கிரெயின். இது மாடல் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. இவ்வகை மாடல்கள் பொதுவாகப் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. சுருக்கிய ஒரு வடிவத்தில் வரைந்து, கடைசியில் விரித்துத் தருகின்றன. சுருக்கும்போது திரைச்சீலையின் மடிப்பு, ஜரிகையின் ஓரம் மாதிரி ஒழுங்கு உள்ள விஷயங்கள் தங்கும். கிரெயினுக்கு ஒழுங்கே கிடையாது. பக்கத்துப் பிக்சலைப் பார்த்து அடுத்த பொடி எங்கே விழும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாததுக்கு மாடல் சராசரியைத்தான் பதிலாகத் தரும், பொடிகளின் சராசரி என்பது வழவழப்பான ஒரே நிறம். இது போதாதென்று, மாடலின் வேலையே நாய்ஸிலிருந்து தொடங்கி அதைப் படிப்படியாக நீக்குவதுதான். கிரெயினையும் அது அழுக்கு என்றே நினைத்துத் துடைத்துவிடுகிறது.

உங்கள் படத்தில் எந்தக் குறை என்று கண்டுபிடிக்க, 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒட்டுக்கு உள்ளே ஒரு கூர்மையான ஓரத்தைப் பாருங்க, வெளியே அதே மாதிரி ஒன்றைப் பாருங்க. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாற அசலில் மூன்று பிக்சல் ஆகிறது, ஒட்டில் ஏழெட்டு ஆகிறது என்றால் ரெசல்யூஷன் குறை. ஓரங்கள் ஒத்துப்போய், வெறும் சமதளம் மட்டும் மெழுகாக இருந்தால் கிரெயின் குறை. நம் நேயருக்கு இரண்டும்.

ரெசல்யூஷனை முதலில் சரி செய்யணும். மங்கலான ஒட்டின்மேல் கிரெயின் தூவினால், மங்கலான ஒட்டின்மேல் கிரெயின் தூவியது போலவே தெரியும்.

இதில் என் முதல் யோசனை சிலருக்குப் பிடிக்காது: ஸ்கேனைச் சின்னதாக்குங்க. அந்தக் காலத்து 4×6 பிரிண்டில் 1200 dpi-க்கு உண்டான விவரம் இருப்பதில்லை. நீங்கள் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் காகிதத்தின் சொரசொரப்பைத்தான். 600 dpi-க்கு இறக்கினால் படம் 3600×2400, பெரிய பிரிண்டில் அங்குலத்துக்கு 150 பிக்சல் வரும். மண்டபத்தில் நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கு இது போதும். 1200 dpi கோப்பை அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க, ஒரு நகலில் வேலை செய்யுங்க.

இப்போது கறை 1500×1200 பிக்சல். இதையும் ஒரே தேர்வாகப் போடாமல் நான்காகப் பிரிக்கணும். ஒவ்வொன்றும் 750×600, பக்கத்துத் துண்டோடு ஒரு 100 பிக்சல் மேல் விழுகிற மாதிரி வைத்தாலும் 850×700-ஐத் தாண்டாது. வரம்புக்குள் இருப்பதால் இழுவை இல்லை. நல்ல பகுதி எந்தப் பக்கம் அதிகமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்க. முதல் துண்டு திருப்தியாக வந்த பிறகுதான் இரண்டாவது. அது முதல் துண்டைப் பார்த்து மடிப்புகளைத் தொடரும். துண்டுகள் சேரும் கோடு திரைச்சீலையின் மடிப்பு நிழலிலேயே விழுந்தால் கண்ணுக்குப் படாது. புடவைக் கரையின் குறுக்கே விழவிடாதீங்க, கரையின் வேலைப்பாடு இரண்டு பக்கமும் ஒத்துப்போகவே போகாது.

சில நேரம் இதற்கு நேர்மாறாக நடக்கும். பின்னணி அசலிலேயே ஃபோகஸ் இல்லாமல் இருக்கும், ஒட்டு அதைவிடக் கூர்மையாக வந்துவிடும். அப்போது ஒட்டின்மேல் ஒரு பிக்சல், ஒன்றரை பிக்சல் Gaussian Blur கொடுத்து ஓரங்களைச் சமமாக்கிவிட்டுத்தான் கிரெயினுக்குப் போகணும்.

இனி கிரெயின். கண்ணை நம்பாதீங்க, அளந்து பாருங்க. ஃபோட்டோஷாப்பில் Histogram பேனலை விரித்து, திரைச்சீலையில் கறை படாத, மடிப்பு இல்லாத, சமமான நிறமுள்ள சின்ன இடத்தைத் தேர்வு செய்தால் Std Dev என்று ஒரு எண் காட்டும். பேனலில் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் அதைச் சொடுக்குங்க, அப்போதுதான் முழு அளவுப் படத்தை வைத்துக் கணக்குப் போடும். நிறம் அந்த இடத்தில் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதுதான் அந்த எண். நம் படத்தில் அசல் திரையில் 7, ஒட்டில் அதே வெளிச்சமுள்ள இடத்தில் 2.

அப்படியென்றால் 5 சேர்க்கணுமா? இல்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சிதறல்கள் நேராகக் கூடாது, வர்க்கங்களாகத்தான் கூடும்:

```
√(7² − 2²) ≈ 6.7
```

அதாவது, ஒட்டில் ஏற்கெனவே இருக்கும் கொஞ்சநஞ்சம் கணக்கிலேயே வராது. கிட்டத்தட்ட முழுக் கிரெயினையும் நாம்தான் தரணும்.

இதற்கு Add Noise போதாதா என்று கேட்பீங்க. அது ஒவ்வொரு பிக்சலிலும் தனித்தனியாகப் புள்ளி வைக்கும். ஸ்கேன் செய்த பிரிண்டில் ஒரு பொடி இரண்டு மூன்று பிக்சலுக்குப் பரவியிருக்கும். அளவு எண் ஒத்துப்போனாலும் ஒன்று ரவை, மற்றது மைதா. நாய்ஸை ஒரு பிக்சல் மங்கலாக்கிப் பொடியைப் பெரிதாக்கலாம், ஆனால் அப்படிச் செய்ததும் அதன் வலு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், திரும்ப ஏற்றணும். இதோடு மல்லுக்கட்டுவதைவிட, படத்திலிருந்தே கிரெயினைக் கடன் வாங்குவது மேல் என்பது என் கட்சி. 80-களில் ஸில்க் ஃபினிஷ் காகிதத்தில் போட்ட பிரிண்டாக இருந்தால் வேறு வழியே இல்லை. அதன் மேடுபள்ளம் சீரான வரிசை, எந்த நாய்ஸ் ஃபில்டரும் அதைத் தராது.

கறை படாத திரையில் 400×400 பிக்சல் சமதளத்தை நகலெடுத்துப் புது லேயரில் வையுங்க. Filter, Other, High Pass, ரேடியஸ் 4 பிக்சல். நிறமும் வெளிச்சமும் போய், சாம்பல் தளத்தில் பொடி மட்டும் நிற்கும். லேயரின் பிளெண்ட் மோடை Linear Light ஆக்கி, Opacity-ஐ 50 சதவீதமாக வையுங்க. ஏன் 50 என்றால், Linear Light இரண்டு மடங்காகச் சேர்க்கும். பாதியாகக் குறைத்தால் கிரெயின் அசலில் இருந்த அதே வலுவில் இறங்கும்.

400-ஐ வைத்து 1500×1200-ஐ நிரப்ப, நகல்களை அடுக்கணும். ஒரே நகலைத் திரும்பத் திரும்ப வைத்தால் கண் அந்த வரிசையைப் பிடித்துவிடும், அதனால் ஒவ்வொன்றையும் திருப்பி வையுங்க, முடிந்தால் இரண்டு மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து எடுங்க. ஸில்க் காகிதமென்றால் திருப்பக்கூடாது, வரிசை கலைந்துவிடும். எந்தக் காரணத்துக்கும் இழுத்துப் பெரிதாக்காதீங்க, பொடியின் அளவு மாறிவிடும்.

இதில் பழக்கத்துக்கு எதிரான ஒரு விஷயம் உண்டு. ஓரங்களை மெதுவாகக் கரையவிடுவதுதான் நமக்கெல்லாம் கை வந்த வேலை. கிரெயினில் அது கூடாது. இரண்டு துண்டுகள் பாதிப் பாதியாகக் கலக்கும் இடத்தில் சிதறல் சுமார் 70 சதவீதத்துக்கு இறங்கி, அங்கே ஒரு வழவழப்பான பட்டை தெரியும். கிரெயின் துண்டுகளைக் கத்தி வைத்தாற்போல் நறுக்கென்று சேருங்க. பொடியோடு பொடி சேரும் இடம் தெரியவே தெரியாது. ஒட்டின் வெளி ஓரத்துக்கும் இதே கதைதான். அதன் மாஸ்க்கை 30, 40 பிக்சல் கரையவிட்டால் அந்த வளையம் மெழுகாகும். ஒன்று, இரண்டு பிக்சலுக்கு மேல் வேண்டாம்.

கிரெயின் எல்லா வெளிச்சத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிரிண்டில் நடுத்தர நிறங்களில்தான் நன்றாகத் தெரியும், கருநிழலிலும் வெள்ளையிலும் அடங்கியிருக்கும். திரையிலிருந்து எடுத்ததை அப்படியே புடவையின் இருண்ட மடிப்பில் போட்டால் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். அங்கே லேயர் மாஸ்க்கில் குறையுங்க, இல்லையென்றால் புடவைக்குப் புடவையிலிருந்தே எடுங்க.

முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்க. ஒட்டில் ஆறரையிலிருந்து ஏழரைக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டைச் செங்குத்தாக நிமிர்த்திப் படத்தைக் கன்னாபின்னாவென்று கான்ட்ராஸ்ட் ஆக்குங்க. ஒட்டு இன்னும் வேறாக இருந்தால் அதில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பார்த்த பிறகு அந்த லேயரை அணைக்க மறக்காதீங்க. பார்ப்பது 100 அல்லது 200 சதவீதத்தில் மட்டும். 66.7 மாதிரி எண்களில் திரையே பிக்சல்களைச் சராசரி செய்து காட்டும், கிரெயினைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

முகத்தில் கறை இருந்தால் இதெல்லாம் உதவாது. அங்கே வரும் மூக்கும் கண்ணும் மாடல் கற்பனை செய்தவை. கிரெயின் ஒத்துப்போனால் அந்தப் பொய் இன்னும் உண்மை மாதிரித் தெரியும். திரைக்கும் புடவை மடிப்புக்கும் சரி. உங்கள் அம்மாவின் முகத்துக்கு வேண்டாம்.

கடைக்கு அனுப்பும்போது TIFF ஆகவோ, உச்சத் தரத்தில் JPEG ஆகவோ அனுப்புங்க, வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். கோப்பைச் சுருக்கும்போது முதலில் பலியாவது கிரெயின்தான். கடைக்காரரிடம் தானாகத் திருத்தும் வசதியை அணைக்கச் சொல்லுங்க. 16×24-க்குக் காசு கொடுப்பதற்கு முன், ஒட்டும் அசலும் சேரும் இடத்தை இறுதி அளவிலேயே வெட்டி ஒரு 4×6 சோதனைப் பிரிண்ட் போட்டுப் பாருங்க.