குரூப் 4: வீட்டில் போட வேண்டிய இரண்டு வருடக் கணக்கு

சேத்தியாத்தோப்பு கூட்ரோட்டில் நின்றால் சிதம்பரம், விருத்தாசலம், வடலூர், கும்பகோணம் என்று எந்தப் பக்கமும் பஸ் கிடைக்கும். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்துவிட்டால் அந்தந்த ஊர்ப் பயிற்சி மையங்களின் நோட்டீஸும் இங்கே வந்துவிடும். பிள்ளையை குரூப் 4 எழுத வைக்க நினைக்கும் பெற்றோர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும்?"

கடந்த நான்கு குரூப் 4 தேர்வுகளின் தேதிகளைப் பாருங்கள். 2019 செப்டம்பர் 1, 2022 ஜூலை 24, 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12. முதல் இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருடம், அதில் கொரோனாவும் உண்டு. அடுத்த இடைவெளி இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. கடைசியில்தான் பதின்மூன்று மாதம். தேர்வு எழுதியதும் வேலை வந்துவிடாது. 2022 ஜூலையில் எழுதியவர்களுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது. அதற்குப் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. பயிற்சி மையத்தின் வகுப்பு ஆறு மாதத்தில் முடிந்துவிடும். வீட்டின் செலவு முடியாது. ஒரு தேர்வு தவறினால் அடுத்ததையும் எழுதுகிற அளவுக்கு, அதாவது இரண்டு வருடத்துக்குப் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான கணக்கு.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் போகிறார், வாரக் கூலி. அம்மா களை எடுக்க, நடவுக்குப் போகிறார். மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறது. மகள் டிகிரி முடித்து, சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் மாதம் ரூ.8,000 வாங்குகிறாள். அவள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், செலவு போக மாதம் ரூ.2,000 மிஞ்சும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பச்சை மண் காயாது, காயாததைச் சூளையில் ஏற்ற முடியாது, கூலி குறையும். தீபாவளியும் அப்போதுதான் வரும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை மிச்சம் ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மீதி ஒன்பது மாதத்தில் கையில் நிற்பது ரூ.18,000.

பயிற்சி மையம் ரூ.15,000 கேட்கிறது என்று வையுங்கள். தனியார் பயிற்சி வகுப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது ரூ.2,700, மொத்தம் ரூ.17,700. வருட மிச்சம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே ரசீதில் போய்விட்டது. அடுத்த வருடத்துக்கு நகைக்கடன்தான்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று யார் நோட்டிலும் ஏறுவதில்லை. "படிக்கிற பிள்ளை வேலைக்குப் போக வேண்டாம்" என்று நிறுத்துகிறோமே, அதற்கு விலை மாதம் ரூ.8,000, வருடத்துக்கு ரூ.96,000. ஃபீஸைப் பேரம் பேசுகிற வீடுகளில்கூட இதைப் பேசுவதில்லை. 2025 தேர்வுக்கு அறிவிப்பு ஏப்ரல் 25-ல் வந்தது, தேர்வு ஜூலை 12. நடுவில் 78 நாள். அறிவிப்பு வந்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் இந்த நாள் போதாது. ஆனால் அதுவரை காலையில் இரண்டு மணி நேரம், ஞாயிறு முழுவதும் என்று ஒருமுறை படித்து முடித்தவருக்கு, கடையிலிருந்து நின்று திருப்பிப் படிக்க இது போதும். அப்படிச் செய்தால் இழக்கும் கூலி ஏறக்குறைய ரூ.20,000. ஆணையத்தின் ஆண்டுத் திட்ட அட்டவணையில் உத்தேசத் தேதி முன்கூட்டியே வருவதால், எப்போது நிற்பது என்பதை முதலாளியிடம் சொல்லி வைக்கவும் முடியும்.

இனி, காசை எதில் போடுவது? அதற்கு முன் ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் மனத்திறனும் 25. தரம் பத்தாம் வகுப்பு. தமிழுக்கான 150 மதிப்பெண்ணில் 60 வாங்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

தவறான விடைகளை மூன்றாகப் பிரியுங்கள். படிக்கவே இல்லாதது, படித்தும் மறந்தது, வழி தெரியாமல் விட்டது. முதல் வகைக்கு மருந்து புத்தகம். இரண்டாம் வகைக்குத் திருப்புதலும் மாதிரித் தேர்வும். மூன்றாம் வகைக்கு மட்டும்தான் ஆசிரியர் தேவை. அது பெரும்பாலும் தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும் போன்ற கணக்குகளில்தான் இருக்கும். நம் கற்பனை வீட்டு மகளுக்கு 200-க்கு 105 சரி என்று வைப்போம். தவறிய 95-ல் 60 படிக்காதது, 20 மறந்தது, 15 கணக்கு. அந்த 15 கேள்விக்காக முழு வகுப்புக்கும் ரூ.17,700 கொடுப்பதா? பக்கத்துத் தெருவில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவரிடம் மாதம் ரூ.500 வீதம் மூன்று மாதம் போனால் ரூ.1,500-ல் முடியும். மாறாக, வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கவே முடியாத பிள்ளை, நாளுக்கு நாள் வேலை கொடுத்து விரட்ட ஆள் வேண்டும் என்றால், மையத்துக்குப் போவதில் தவறில்லை. அது பாடத்துக்குக் கொடுக்கும் காசு அல்ல, ஒழுங்குக்குக் கொடுக்கும் காசு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

புத்தகத்தில் ஒரு பொறி இருக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இலவசம் என்றதும் பலர் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறார்கள். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் 200 பக்கப் புத்தகம் ரூ.200. ஆறு முதல் பத்து வரை தமிழ், அறிவியல், சமூக அறிவியல் என்று எடுத்தால் ஆயிரக்கணக்கில் போய்விடும். அதே புத்தகம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டு, ஆண்டுத்தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகிறது. மே மாதம் தெருவில் நான்கு வீடு கேட்டால் போதும். பாடத்திட்டம் மாறியிருக்கிறதா, பதிப்பு எந்த வருடம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குரூப் 4 பாடத்திட்டமே 2024 டிசம்பரில் மாற்றி வெளியிடப்பட்டது. அதற்கு முன்பு அச்சான கைடு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

அரசின் இலவச வகுப்பும் உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் நடக்கிறது. நமக்கு அது கடலூர். வகுப்பு இலவசம், பஸ் இலவசமில்லை. பெண்களுக்கு விடியல் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான் செல்லும். இவ்வளவு தூரத்துக்குப் பெரும்பாலும் கட்டண பஸ்தான். தினமும் போய் வந்தால் காசோடு நாளும் கரையும். மாதிரித் தேர்வு நடக்கும் நாள்களைக் கேட்டு, அதற்கு மட்டும் போவது நல்லது. மற்றப் பாடத்துக்கு அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரியின் 'எய்ம் டிஎன்' யூடியூப் வகுப்புகள் இருக்கின்றன.

தனியார் மையத்தில் சேருவதென்றால், ரசீதில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். வருட வரவு ரூ.20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய மையம் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. எண் இல்லாமல் வரி மட்டும் கேட்டால் ஏதோ சரியில்லை. பாதியில் நின்றால் மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. அது நெறிதானே தவிர, மாநிலம் கையில் எடுத்தால்தான் பல் முளைக்கும். ஆகவே திருப்பித் தருவதைச் சேரும்போதே எழுத்தில் வாங்க வேண்டும். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"மாதத் தவணை, வட்டியில்லை" என்று சொன்னால் தவணையை யாருக்குக் கட்டுகிறோம் என்று கேளுங்கள். மையத்துக்கே என்றால் சரி. ஆதார், பான் வாங்கிக்கொண்டு செல்போனில் ஓடிபி கேட்டால், அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். மையம் மொத்தத்தையும் முதல் நாளே வாங்கிவிடும். பிள்ளை வகுப்புக்குப் போகாமல் நின்றாலும் கடன் நிற்காது. கட்டத் தவறினால் சிபில் கணக்கில் ஏறி, நாளைக்கு வண்டிக் கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும்.

ஆன்லைன் சந்தாவிலும் இதே கவனம் வேண்டும். இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்பார்கள். நாட்டிலேயே பெரிய கல்வி நிறுவனமாகச் சொல்லப்பட்ட பைஜூஸ்கூட 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அந்தந்த மூன்று மாதத்துக்கு வாங்குவதே ஏழைக்குப் பாதுகாப்பு. மாதச் சந்தா போட்டால் யுபிஐ ஆட்டோபே தானாக எடுத்துக்கொண்டே இருக்கும். எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யுபிஐ செயலிக்குள் போய் நாமே அதை ரத்து செய்யலாம். செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். நிற்காது.

என் பார்வையில் இணையத்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது வீடியோ அல்ல, மாதிரித் தேர்வுத் தொகுப்பு. அதையும் ஒருமுறை பாடம் முடித்த பிறகு, கடைசி மூன்று மாதத்தில் வாங்க வேண்டும். படிக்கும் முன்பே வாங்கினால் தாள் வீணாகும், மனமும் உடையும்.

அந்த வீட்டின் முதல் வருடக் கணக்கு இப்படி வரும். நிரந்தரப் பதிவு ரூ.150 (ஐந்து வருடம் செல்லும்), தேர்வுக் கட்டணம் ரூ.100, பழைய புத்தகம், நோட்டு ரூ.600, வினா வங்கி ஒன்று ரூ.400, கணக்கு டியூஷன் ரூ.1,500, மாதிரித் தேர்வு ரூ.2,000, பஸ் ரூ.4,500. கூட்டினால் ரூ.9,250. கையில் ரூ.8,750 மிஞ்சுகிறது. இரண்டாம் வருடத்துக்குப் புத்தகமும் பதிவும் வேண்டாம் என்பதால், இந்தத் தொகையே பெரும்பாலும் தாங்கும். மகள் அறிவிப்பு வரை வேலையில் இருந்தால், நின்ற நாள்களின் கூலி இழப்பை அவள் சம்பளத்திலிருந்தே முன்கூட்டிச் சேர்க்கலாம்.

அந்த ரூ.100-ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் முழு விலக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை மட்டும் இலவசம். குரூப் 2-க்கு உபயோகித்ததும் அந்த மூன்றில் சேரும். நான்காவது முறை தெரியாமல் சலுகை கேட்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். இ-சேவை மையத்தில் யாரோ அவசரத்தில் 'ஆம்' என்று தட்டிவிட்டுப் போவதை நிறையப் பார்க்கலாம். எத்தனை முறை போனது என்பது நினைவில்லை என்றால் நூறு ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

தேர்வு முடிந்த வாரமே அடுத்த பேட்ச்சுக்கு அழைத்துப் பயிற்சி மையத்திலிருந்து போன் வரும். அப்போது எதையும் வாங்க வேண்டியதில்லை. 2025-ல் ஜூலை 12-ல் தேர்வு, அக்டோபர் 22-ல் முடிவு. மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி. அந்த நேரத்தில் ஜவுளிக்கடைக்கே திரும்பிப் போனால் ரூ.24,000 வரும். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு ஆள் தேடும் காலமும் அதுதான்.